வராத இருவர் உயர்த்தும் எல்லைக்கோடு

கேள்வி: ஐயா, எங்கள் பாடத்தில் ரிலேட்டிவ் கிரேடிங் முறை. வகுப்புச் சராசரியோடு ஒன்றரை மடங்கு திட்ட விலக்கத்தைக் கூட்டினால் வரும் மதிப்பெண்ணை எட்டியவர்களுக்கே உச்ச கிரேடு. மொத்தம் 100-இல் அகமதிப்பீட்டுக்கு 60, இறுதித் தேர்வுக்கு 40. இறுதித் தேர்வை 100-க்கு எழுதி 40-ஆகக் குறைப்பார்கள். அகமதிப்பீட்டில் நான் 47 பெற்றிருக்கிறேன். வகுப்பில் 64 பேர், சராசரி 38.4, திட்ட விலக்கம் 7.2 என்று அறிவித்திருக்கிறார்கள். இவர்களில் இருவர் பாதியிலேயே வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கு ஆளுக்கு 6 மதிப்பெண்தான். சென்ற முறை இறுதித் தேர்வு எழுதியவர்களின் சராசரி 100-க்கு 55, திட்ட விலக்கம் 14 என்று ஆசிரியர் சொன்னார். 60-ஐ 100-ஆக மாற்றிக் கணக்கிட்டால் எல்லை 82 என்று வருகிறது. அப்படியானால் இறுதித் தேர்வில் எனக்கு 40-க்கு 35 வேண்டும். அவ்வளவு தேவையில்லை என்கிறார்கள் நண்பர்கள். எது சரி?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

வருவதை நிறுத்திவிட்ட அந்த இருவரின் பெயர்கள் சராசரி கணக்கிடும் பட்டியலில் இல்லையென்றால், உங்களுக்கு 40-க்கு ஏறத்தாழ 28 போதும். அதாவது விடைத்தாளில் 100-க்கு 70. அவர்கள் பட்டியலில் இருந்தால் 40-க்கு 32-க்குச் சற்று மேல், அதாவது 100-க்கு 81 வேண்டும். நீங்கள் போட்ட 35 இரண்டு நிலையிலும் மிகைதான். ஆகவே உங்கள் நண்பர்கள் சொல்வது சரி. ஆனால் எவ்வளவு தேவையில்லை என்பது, வினாத்தாள் எப்படி வரும் என்பதைக் காட்டிலும், அந்த இரண்டு பெயர்களைத் தேர்வுப் பிரிவு என்ன செய்யப்போகிறது என்பதைத்தான் பெரிதும் சார்ந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதற்கு முன் உங்கள் 35 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

60-க்கு 38.4 என்பதை 100-க்கு 64 என்றும், 7.2 என்பதை 12 என்றும் மாற்றி, 64-உடன் 18-ஐக் கூட்டியிருக்கிறீர்கள். இந்த மாற்றத்துக்குள் இரண்டு ஊகங்கள் சத்தமில்லாமல் நுழைந்துவிடுகின்றன. முதலாவது, இறுதித் தேர்விலும் வகுப்பு 64 விழுக்காடே எடுக்கும் என்பது. சென்ற முறை 55 தான் எடுத்தார்கள் என்று உங்கள் ஆசிரியரே சொல்லிவிட்டபடியால் இந்த ஊகத்தைக் கைவிடுவது எளிது: 55-ஐ 0.4-ஆல் பெருக்கினால் 22; அகமதிப்பீட்டுச் சராசரியோடு அந்த 22-ஐக் கூட்டினால் மொத்தத்தின் சராசரி கிடைத்துவிடும். சராசரிகளை இப்படித் தாராளமாகக் கூட்டலாம்.

இரண்டாவது ஊகம் அவ்வளவு வெளிப்படையானதல்ல. திட்ட விலக்கத்தையும் அதே விகிதத்தில் நீட்டும்போது, அகமதிப்பீட்டில் யார் எந்த இடத்தில் இருக்கிறார்களோ அதே இடத்தில்தான் ஒவ்வொருவரும் இறுதித் தேர்விலும் இருப்பார்கள் என்று நீங்கள் சொன்னதாகிறது. எந்த வகுப்பிலும் அப்படி நடப்பதில்லை. ஒப்படைப்புகளில் முந்தியவர் மூன்று மணி நேரத் தாளில் சறுக்குகிறார். இடைத்தேர்வில் பின்தங்கியவர் கடைசியில் ஏறி வருகிறார். இந்த ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டுவதால், இரண்டு பகுதிகளையும் சேர்த்த மொத்த மதிப்பெண்ணின் சிதறல், தனித்தனிச் சிதறல்களின் கூட்டுத்தொகையைவிடக் குறைவாகவே இருக்கும். எவ்வளவு குறைவு என்பதை இரு பகுதிகளுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு முடிவுசெய்கிறது. அது 1 ஆனால் திட்ட விலக்கங்களை நேராகக் கூட்டலாம். 0 ஆனால் அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஒரே பாடத்தின் அகமதிப்பீட்டுக்கும் இறுதித் தேர்வுக்கும் இடையே 0.6 என்று வைத்துக்கொள்வது நியாயமான ஊகம். அது தவறினால் என்ன ஆகும் என்று கவலைப்பட வேண்டாம். அதையும் பின்னால் சோதித்துப் பார்க்கலாம்.

இனி அந்த இருவருக்கு வருவோம். அறிவிக்கப்பட்ட சராசரியையும் திட்ட விலக்கத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு அவர்களை நீக்கிப் பார்க்க முடியும். யாருடைய மதிப்பெண் பட்டியலும் தேவையில்லை. 64 பேரின் சராசரி 38.4 என்றால் மொத்தக் கூட்டல் 2457.6. இருவருடைய 12-ஐக் கழித்து 62-ஆல் வகுத்தால் 39.45. சராசரி ஒரே ஒரு மதிப்பெண்தான் உயர்கிறது. இதைப் பார்த்து ‘இரண்டு பேரால் என்ன பெரிய வேறுபாடு’ என்று பலரும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். சிதறலைப் பாருங்கள். திட்ட விலக்கம் 7.2 என்றால் அதன் வர்க்கம் 51.84, அதை 64-ஆல் பெருக்கினால், வகுப்பிலுள்ள எல்லோருடைய விலக்க வர்க்கங்களின் கூட்டல் 3317.76 என்று கிடைக்கும். அந்த இருவரும் சராசரியிலிருந்து ஆளுக்கு 32.4 மதிப்பெண் கீழே இருக்கிறார்கள். 32.4-இன் வர்க்கம் 1049.76, இருவருக்கும் சேர்த்து 2099.52. அதாவது 64 பேர் கொண்ட வகுப்பின் மொத்தச் சிதறலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இரண்டே பேர் உண்டாக்குகிறார்கள். மீதி 62 பேருக்கு எஞ்சுவது 1218 மட்டுமே. சராசரி சற்று நகர்ந்ததற்காக 68-ஐக் கழித்து, 62-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் உண்மையில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் வகுப்பின் திட்ட விலக்கம் 4.31 என்று தெரிகிறது. அறிவிப்புப் பலகையில் இருந்த 7.2 உங்களோடு போட்டியிடுகிறவர்களின் சிதறலைக் காட்டவில்லை. வராதவர்கள் எவ்வளவு தொலைவில் நிற்கிறார்கள் என்பதையே பெரும்பாலும் காட்டியது.

அகமதிப்பீட்டை மட்டும் வைத்து எல்லைக்கோட்டைப் போட்டுப் பாருங்கள். இருவரையும் சேர்த்தால் 38.4-உடன் 10.8 கூடி 49.2. அவர்களை நீக்கினால் 39.45-உடன் 6.46 கூடி 45.9. உங்கள் 47 முதல் கோட்டுக்குக் கீழே, இரண்டாம் கோட்டுக்கு மேலே இருக்கிறது. நீங்கள் ஒரு மதிப்பெண்கூடக் கூடுதலாகவோ குறைவாகவோ எடுக்கவில்லை.

மாணவர்கள் பொதுவாக இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். மதிப்பெண் குறைந்தவர்கள் பட்டியலில் இருந்தால் சராசரி இறங்கும், சராசரி இறங்கினால் நமக்கு நல்லது என்பது அவர்கள் எண்ணம். சராசரி இறங்குவது உண்மைதான், இங்கே 1.05 இறங்கியது. ஆனால் அதே நேரத்தில் திட்ட விலக்கம் 2.89 ஏறியது, எல்லைக்கோடு அதை ஒன்றரை மடங்காக்கி எடுத்துக்கொள்கிறது, 4.3 ஏற்றம், 1.05 இறக்கம், நிகரமாக 3.3 ஏற்றம். சராசரிக்கு அருகில் இருக்கும் இடைநிலை கிரேடுகளுக்கு அடிமட்டத்தில் இருப்பவர்களால் கொஞ்சம் ஆதாயம் உண்டு. உச்ச கிரேடுக்கு அவர்களால் எல்லை உயரத்தான் செய்யும். அதுவும் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும் என்பதால், 25 மதிப்பெண்ணில் நிற்கும் பத்துப் பேரைவிட 6 மதிப்பெண்ணில் நிற்கும் இருவர் கோட்டை மேலே தூக்கிவிடக்கூடும்.

இப்போது மொத்தத்துக்குப் போகலாம். முதலில், தேர்வு எழுதும் 62 பேர் மட்டும் பட்டியலில் இருக்கும் நிலை. இறுதித் தேர்வின் திட்ட விலக்கம் 14, 40-க்குக் குறைக்கும்போது 5.6 ஆகிறது. எக்செல்லில் ஒரு கட்டத்தில் இதைத் தட்டுங்கள்:

```
=SQRT(4.31^2 + 5.6^2 + 2*0.6*4.31*5.6)
=39.45 + 22 + 1.5*8.88 - 47
```

முதல் வரி 8.88 தரும், அதுதான் மொத்த மதிப்பெண்ணின் திட்ட விலக்கம். 4.31-ஐயும் 5.6-ஐயும் நேராகக் கூட்டியிருந்தால் 9.91 வந்திருக்கும். இரண்டாம் வரியில் சராசரி 61.45, எல்லைக்கோடு 74.77, அதிலிருந்து உங்கள் 47-ஐக் கழித்தால் 27.77. இதுதான் நான் முதலில் சொன்ன 28.

அடுத்து, இருவரும் பட்டியலில் இருக்கும் நிலை. அவர்கள் இறுதித் தேர்வுக்கு வராமல் மொத்தம் 6 மதிப்பெண்ணோடு நிற்பார்கள். 62 பேரின் சராசரியிலிருந்து அவர்கள் 55 மதிப்பெண்ணுக்கு மேல் கீழே இருக்கிறார்கள். சராசரி 61.45-இலிருந்து 59.71-க்கு இறங்குகிறது, திட்ட விலக்கமோ 8.88-இலிருந்து 13.02-க்குப் பாய்கிறது. எல்லைக்கோடு 79.24, உங்களுக்குத் தேவை 32.24. விடைத்தாளில் சொன்னால் 69-க்குச் சற்று மேலிருந்து 81-க்கு அருகில். பதினொரு மதிப்பெண் வேறுபாடு, அதுவும் தேர்வே எழுதாதவர்களால்.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. நான் தேர்வுப் பணியில் இருந்த ஓர் ஆண்டில், ஒரு வகுப்பின் கிரேடு பட்டியலில் உச்ச கிரேடு ஒரே ஒருவருக்கு மட்டும் வந்திருந்தது. அந்த வகுப்பில் அதற்கு முந்தைய பருவங்களில் நான்கைந்து பேர் அதைப் பெறுவது வழக்கம். எக்செல் தாளைத் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. வராதவர்களின் இறுதித் தேர்வுக் கட்டத்தில் `AB` என்று எழுதியிருந்திருக்கிறார்கள். இரு பகுதிகளையும் `=B2+C2` என்று கூட்டியதால் அந்த வரிசைகளில் `#VALUE!` என்று பிழை வந்திருக்கிறது. நெடுவரிசையில் ஒரு பிழை இருந்தாலும் அடியில் சராசரியும் பிழையாகவே வரும். அவசரத்தில் ஒருவர் `AB`-ஐ அழித்துவிட்டு 0 போட்டிருக்கிறார். பிழை மறைந்தது; கூடவே எல்லைக்கோடும் ஏறியது. `AVERAGE`, `STDEV.P` ஆகிய இரண்டும் வெற்றுக் கட்டத்தையும் எழுத்து உள்ள கட்டத்தையும் விட்டுவிடும், ஆனால் சுழியை ஒரு மதிப்பெண்ணாகவே எடுத்துக்கொள்ளும். அந்த ஒரே வேறுபாடுதான். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை. முடிவு வெளியாகும் முன் கண்ணில் பட்டதால் திருத்த முடிந்தது.

ஆகவே நீங்கள் ஆசிரியரிடமோ தேர்வுப் பிரிவிலோ கேட்க வேண்டியது, எல்லை எவ்வளவு வரும் என்பதல்ல. அதற்கு இப்போது யாராலும் விடை சொல்ல இயலாது, சொல்லவும் கூடாது. ‘இறுதித் தேர்வுக்கு வராதவர்களும், வருகைக் குறைவால் தேர்வு எழுத அனுமதிக்கப்படாதவர்களும் சராசரி, திட்ட விலக்கக் கணக்கில் சேர்க்கப்படுவார்களா?’ என்று கேளுங்கள். இது விதி சார்ந்த கேள்வி. இதற்கு ஒழுங்குமுறை ஏட்டில் விடை இருக்க வேண்டும். அங்கேயே, தேர்ச்சி பெறாதவர்களை முதலில் நீக்கிவிட்டு மீதிப் பேருக்கு மட்டும் ஒப்பீட்டு முறையைப் பயன்படுத்துகிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி நீக்கும் விதி இருந்தால் எல்லைக்கோடு நாம் போட்ட 62 பேர் கணக்குக்கு அருகிலேயே நிற்கும். பல பிரிவுகளுக்கு ஒரே பாடம் நடந்தால், சராசரி பிரிவுவாரியாகவா, எல்லோரையும் சேர்த்தா என்பதும் அதே ஏட்டில் இருக்கும். சேர்த்துத்தான் என்றால் உங்கள் பிரிவின் 38.4-ஐ வைத்து நாம் போட்ட கணக்கு முழுவதையும் புதிய எண்களோடு மறுபடி போட வேண்டும்.

வினாத்தாள் பற்றி ஒரு வார்த்தை. 28 என்ற எண் சென்ற முறைச் சராசரியான 55-ஐ நம்பி நிற்கிறது. இம்முறை தாள் கடினமாகி வகுப்பு 45 எடுத்தால், எல்லைக்கோடு 4 மதிப்பெண் இறங்கும், உங்களுக்கு 40-க்கு 24 போதும். எளிதாகி 65 எடுத்தால் 32 வேண்டும். தாளின் கடினம் அப்படியே எல்லைக்கோட்டுக்குள் போய்விடுவதால், ‘70 எடுக்க வேண்டும்’ என்று சுவரில் எழுதி வைப்பதில் பயனில்லை. வகுப்பைவிட எவ்வளவு மேலே என்று வைத்துக்கொள்வதே சரியான இலக்கு. உங்கள் விஷயத்தில் அது இறுதித் தேர்வின் ஒரு திட்ட விலக்கம். சென்ற முறை எண்களில் சொன்னால் வகுப்புச் சராசரிக்கு மேல் 14 அல்லது 15. இந்த ‘ஒரு திட்ட விலக்கம்’ என்பது பெரிதாக அசைவதில்லை என்பதைச் சோதித்துப் பார்த்தேன். இறுதித் தேர்வின் சிதறல் 10-ஆகச் சுருங்கினால் சராசரிக்கு மேல் 9 மதிப்பெண் போதும். 18-ஆக விரிந்தால் 20 வேண்டும். மதிப்பெண்ணில் இரு மடங்குக்கு மேல் வேறுபாடு, திட்ட விலக்கத்தில் அளந்தாலோ 0.9-இலிருந்து 1.1 வரைதான்.

மணி வடிவப் பரவலில் சராசரிக்கு மேல் ஒரு திட்ட விலக்கத்தைத் தாண்டுபவர்கள் நூற்றுக்குப் பதினாறு பேர். 62 பேரில் ஏறத்தாழ பத்துப் பேர். எனவே அந்த இருவர் நீக்கப்பட்டால், இறுதித் தேர்வில் முதல் பத்துப் பேரில் ஒருவராக இருந்தால் உங்களுக்கு உச்ச கிரேடு கிடைக்கும். அவர்கள் சேர்க்கப்பட்டால் 1.83 திட்ட விலக்கம் மேலே போக வேண்டும். அதை எட்டுபவர்கள் 62 பேரில் இருவர்.

அந்தப் பத்துக்குள் வருவது உங்களுக்கு உறுதியா என்றால், இல்லை. அகமதிப்பீட்டில் 62 பேருக்குள் நீங்கள் சராசரிக்கு மேல் 1.75 திட்ட விலக்கம் உயரத்தில் இருக்கிறீர்கள். இது நல்ல உயரம். ஆனால் ஒட்டுறவு 0.6 என்றால், அந்த உயரத்தில் இருப்பவர்கள் இறுதித் தேர்வில் சராசரியாக 1.75-இன் 0.6 பங்கான 1.05 உயரத்துக்குத்தான் வருவார்கள். முதலில் உயர்ந்து நிற்பவர்கள் அடுத்த அளவீட்டில் சராசரியை நோக்கிச் சற்று இறங்குவது, சோம்பல் காரணமாக அல்ல. முதல் அளவீட்டில் திறனோடு நல்வாய்ப்பும் சிறிது கலந்திருந்ததால். உங்களுக்குத் தேவை 1.03, எதிர்பார்ப்பு 1.05. நேர்மையாகச் சொன்னால் இது பூவா தலையா நிலை. அந்த இருவர் சேர்க்கப்பட்டாலோ வாய்ப்பு ஆறில் ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். இது உங்களைப் போன்ற மதிப்பெண் உள்ள பலரைப் பற்றிய கணக்கு. இனி வரும் வாரங்களில் நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

ஒட்டுறவை 0.6 என்று வைத்தது தவறாக இருந்தால்? 0.4 என்று போட்டால் தேவை 26.9, 0.8 என்று போட்டால் 28.6. நாற்பதுக்கு இரண்டு மதிப்பெண்கூட நகரவில்லை. இதில் உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டாம். திட்ட விலக்கத்தை 62-ஆல் வகுத்துக் காண்பதா 61-ஆலா, அதாவது `STDEV.P`-யா `STDEV.S`-ஆ என்று மாணவர்கள் சண்டை போடுவதையும் பார்த்திருக்கிறேன். உங்கள் வகுப்பில் அதனால் எல்லை 0.1 மதிப்பெண்தான் மாறும்.

இந்த முறையே பொருந்தாத இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, தாள் மிக எளிதாகி மதிப்பெண்கள் மேல் விளிம்பில் நெருக்கும்போது. சராசரி 82, திட்ட விலக்கம் 13 என்றால் எல்லைக்கோடு 101.5 ஆகிவிடும், யாராலும் எட்ட முடியாது. அதனால்தான் ‘90-க்கு மேல் எடுத்தவர்களுக்கு ஒப்பீடு எதுவாயினும் உச்ச கிரேடு’ என்பது போன்ற ஒரு காப்பு விதி தேவைப்படுகிறது. உங்கள் ஒழுங்குமுறை ஏட்டில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வகுப்பின் சராசரி அறுபதை ஒட்டி இருப்பதால் இம்முறை அது தேவைப்படாது. இன்னொன்று, சிறிய வகுப்பு. நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் வகுப்பின் சராசரியையும் சிதறலையும் கொஞ்சம் உயர்த்துகிறது அல்லவா? எல்லைக்கோட்டுக்கு அருகில் இருக்கும் ஒருவர் 12 பேர் கொண்ட வகுப்பில் நான்கு மதிப்பெண் கூடுதலாக எடுத்தால், கோடும் ஏறத்தாழ ஒரு மதிப்பெண் விலகிப் போகும். 62 பேரில் அந்த விலகல் 0.2 தான், பொருட்படுத்த வேண்டியதில்லை.

தேர்வு முடிந்து வகுப்பின் சராசரியும் திட்ட விலக்கமும் வெளியானால், இரண்டையும் 0.4-ஆல் பெருக்கி, மேலே உள்ள வரிகளில் 22-க்கும் 5.6-க்கும் பதிலாகப் போடுங்கள். முதல் வரி தரும் புதிய விடையை இரண்டாம் வரியில் 8.88 இருக்கும் இடத்தில் வைக்க மறக்க வேண்டாம். வெளியாகும் திட்ட விலக்கம் திடீரென்று 17, 18 என்று இருந்தால், தாள் வகுப்பைப் பிரித்துவிட்டது என்று முடிவுகட்டும் முன், எத்தனை பேரின் மதிப்பெண்ணை வைத்து அது கணக்கிடப்பட்டது என்று கேளுங்கள். தாளில் 55 சராசரியும் 14 திட்ட விலக்கமும் உள்ள 62 பேரோடு இரண்டு சுழிகள் சேர்ந்தாலே, திட்ட விலக்கம் 17-ஐ நெருங்கிவிடும்.